பிரிஃபிக்ஸ் லிஸ்ட்: அந்த Max entries கட்டத்தில் என்ன எண் போடுவது?

எங்கள் அலுவலகம் இணைய இணைப்பை மாற்றியபோதுதான் இந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. இணைப்பு மாறினால் வெளியே போகும் ஐ.பி. முகவரிகளும் மாறும். பழைய முகவரிகள் ஏ.டபிள்யூ.எஸ்.-இல் மூன்று அக்கவுண்ட்களில் முப்பதுக்கும் மேற்பட்ட செக்யூரிட்டி குரூப்களில் சிதறிக் கிடந்தன. தலைமை அலுவலகம், கிளை, வி.பி.என்., கண்காணிப்புச் சேவை, ஒரு கூட்டாளி நிறுவனம் என்று எல்லாம் சேர்த்து 14 ஐ.பி.வி4 ரேஞ்ச். அந்தப் பதினான்கையும் யார் யாரோ, எப்போதெப்போதோ, ஒவ்வொரு குரூப்பிலும் கையாலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். சில இடங்களில் பதின்மூன்றுதான் இருந்தது. ஒரு குரூப்பில் எப்போதோ விலகிப் போன ஒரு ஒப்பந்ததாரரின் முகவரி இன்னும் உயிரோடு இருந்தது.

இதற்கு மருந்து பிரிஃபிக்ஸ் லிஸ்ட் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகவரிகளை ஒரே பட்டியலில் வைத்துவிட்டு, செக்யூரிட்டி குரூப் ரூலில் முகவரிக்குப் பதிலாக அந்தப் பட்டியலின் `pl-` எண்ணைக் கொடுத்தால் போதும். நாளைக்கு முகவரி மாறினால் பட்டியலை மட்டும் திருத்தலாம், எல்லா குரூப்பும் தானாகப் பின்தொடரும். தனிக் கட்டணமும் கிடையாது. திட்டம் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு ஒப்புதலும் வாங்கியாயிற்று. கூட இருந்தவர் விடுப்பில் போய்விட்டதால் ஒரு சனிக்கிழமை இரவு நான் மட்டும் உட்கார்ந்தேன். ஓரிரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை அந்த வாரக்கடைசியையே விழுங்கியது. அதோடு, மாற்றம் தள்ளிப்போனதால் பழைய இணைப்புக்கும் இன்னொரு மாத வாடகை கட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் காரணம் பட்டியலை உருவாக்கும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு கட்டம்.

பட்டியலை உருவாக்கும்போது பெயர், ஐ.பி.வி4-ஆ ஐ.பி.வி6-ஆ, அப்புறம் Max entries என்று கேட்கும். இந்தப் பட்டியலில் அதிகபட்சம் எத்தனை முகவரி இருக்கலாம் என்பதுதான் கேள்வி. உச்சவரம்பு 1000. எங்கள் திட்டத்தில் 40 என்று எழுதியிருந்தது. இப்போது இருப்பது 14, நாளை வளரும், கொஞ்சம் தாராளமாகவே வைப்போம் என்ற எண்ணம். கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். காலி இடம் என்ன செய்துவிடப் போகிறது?

செய்துவிடும். செக்யூரிட்டி குரூப்புக்கு ஒரு திசைக்கு இயல்பாக 60 ரூல்தான் அனுமதி. உள்ளே வருவதற்கு 60, வெளியே போவதற்கு 60. ஒரு ரூலில் பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டைச் சேர்த்தால், அது திரையில் ஒரே வரியாகத்தான் தெரியும். ஆனால் கணக்கில் அது ஒன்று அல்ல. பட்டியலில் இருக்கும் 14 முகவரிகளும் அல்ல. Max entries கட்டத்தில் நீங்கள் போட்ட 40-தான் கணக்கில் ஏறும். ரிசர்வ் செய்த இருக்கையில் ஆள் உட்காராவிட்டாலும் அது போன இருக்கைதான், அதே கதை. அதே பட்டியலை இன்னொரு போர்ட்டுக்கும் கொடுத்தால் மறுபடியும் ஒரு 40.

அன்றிரவு நான் முதலில் எடுத்தது டேட்டாபேஸ் சர்வரின் குரூப். அதில் அப்ளிகேஷன் சர்வர்களுக்கான 8 ரூல் இருந்தன. அப்புறம் 5432 போர்ட்டுக்கு 14, எஸ்.எஸ்.ஹெச்.சுக்காக 22-க்கு 14. மொத்தம் 36. அறுபதுக்கு இன்னும் 24 இடம் பாக்கி. முதலில் புது ரூலைச் சேர்த்து, சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பழையதை எடுப்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்கும் முறை. 5432-க்குப் பட்டியலைச் சேர்த்தேன். குரூப்பின் ரூல் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது என்று வந்தது. 36-உடன் ஒரு வரியைச் சேர்த்தால் 37தானே என்று நான் விழித்துக்கொண்டிருக்க, ஏ.டபிள்யூ.எஸ். போட்ட கணக்கோ 36 கூட்டல் 40, அதாவது 76. பிழைச் செய்தியில் பிரிஃபிக்ஸ் லிஸ்ட் என்ற பேச்சே இல்லை. அதனால் வேறு யாராவது அதே நேரத்தில் ரூல் சேர்க்கிறார்களா, தவறான அக்கவுண்ட்டில் இருக்கிறேனா என்று வெகுநேரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி சேர்க்கும்போது இந்தப் பிழை வந்தால், கண் நேராக Max entries பக்கம் போகட்டும்.

காரணம் புரிந்ததும் 20 கொள்ளளவில் ஒரு புதுப் பட்டியல் போடலாம் என்று தோன்றியது. கடைசி நிலையைக் கணக்குப் போட்டால் 8 கூட்டல் 20 கூட்டல் 20, அதாவது 48. அறுபதுக்குள் அழகாக அடங்குகிறது. ஆனால் கடைசி நிலை அடங்கினால் போதாது, நடுவழியும் அடங்க வேண்டும். 36-இல் தொடங்கி, 5432-க்குப் பட்டியலைச் சேர்த்தால் 56. பழைய 14-ஐ எடுத்தால் 42. இப்போது 22-க்குப் பட்டியலைச் சேர்த்தால் 62. நின்றுவிடும். காகிதத்தில் சரியாக இருக்கும் கணக்கு வழியில் இரண்டே ரூலில் இடிக்கிறது. பழையதை முதலில் எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் அந்த இடைவெளியில் புதிதாக வரும் இணைப்புகள் எல்லாம் வெளியே நிற்கும். டேட்டாபேஸ் சர்வரில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நல்லவேளையாக இன்னொரு வழி இருந்தது, இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பழைய குரூப்பைத் தொடவே வேண்டாம். பிரிஃபிக்ஸ் லிஸ்ட் ரூல்களை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு செக்யூரிட்டி குரூப் உருவாக்கி, அதை சர்வரின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் கூடுதலாக மாட்டிவிடுங்கள். ஒரு இன்டர்ஃபேஸில் இயல்பாக 5 குரூப் வரை மாட்டலாம், எல்லாவற்றின் ரூல்களும் சேர்ந்தே வேலை செய்யும். புதுக் குரூப்பில் 20 கூட்டல் 20, மொத்தம் 40, எந்த நெருக்கடியும் இல்லை. புது முகவரியிலிருந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு, பழைய குரூப்பில் உள்ள 28 ரூல்களை நிதானமாக எடுக்கலாம். எடுத்ததில் ஏதாவது உடைந்தால் திருப்பிச் சேர்ப்பதும் சுலபம், ஏனென்றால் அங்கே இடம் காலியாகவே இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அலுவலகத்திலிருந்து யார் யார் உள்ளே வரலாம் என்பது தனி குரூப்பாக நிற்கிறது. தணிக்கைக்கு யாராவது கேட்டால் அதை மட்டும் காட்டினால் போதும்.

ரூல் வரம்பையே உயர்த்திக் கேட்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் ஒரு குரூப்புக்கான ரூல் எண்ணிக்கையையும் ஒரு இன்டர்ஃபேஸுக்கான குரூப் எண்ணிக்கையையும் பெருக்கினால் 1000-ஐத் தாண்டக் கூடாது. 200 ரூல் கேட்டால் 5 குரூப்போடு கணக்கு முடிந்தது. ராத்திரியில் நடு வேலையில் நிற்பவருக்கு இந்த வழி எப்படியும் உதவாது, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று: ஏ.டபிள்யூ.எஸ். தானே பராமரிக்கும் பட்டியல்களிலும் இதே கண்ணி இருக்கிறது. கிளவுட்ஃபிரண்ட்டிலிருந்து வரும் போக்குவரத்தை மட்டும் அனுமதிக்க `com.amazonaws.global.cloudfront.origin-facing` என்று ஒரு பட்டியல் உண்டு. செக்யூரிட்டி குரூப்பில் அதன் எடை 55. ஒரே ரூலில் 55 போய்விடும். 80-க்கும் 443-க்கும் தனித்தனியாகப் போட முயன்றால் 110, இயல்பு வரம்பில் அது நடக்காது.

இருபது என்ற எண்ணோடு எங்கள் வண்டி சில மாதங்கள் ஓடியது. பட்டியலை, அக்கவுண்ட்களுக்கிடையே பகிர்வதற்கான ஆர்.ஏ.எம். சேவை வழியாக மற்ற இரண்டு அக்கவுண்ட்களுக்கும் பகிர்ந்திருந்தோம். பகிர்ந்துகொண்டவர்கள் தங்கள் ரூல்களில் அதைப் பயன்படுத்தலாம், திருத்த முடியாது. அப்புறம் கூட்டாளி நிறுவனம் வளர்ந்தது, முகவரிகள் கூடின, இருபதும் நிரம்பிவிட்டது. கொள்ளளவை முப்பதாக்க வேண்டும். அதற்கான கட்டளை இது:

```
aws ec2 modify-managed-prefix-list \
  --prefix-list-id pl-0abc1234def567890 \
  --max-entries 30
```

கொள்ளளவை மாற்றுவதும் முகவரி சேர்ப்பதும் ஒரே கட்டளையில் கூடாது, இரண்டாகத்தான் செய்ய வேண்டும். அதனால் முதலில் இதை ஓட்டி, அடுத்து முகவரிகளைச் சேர்க்கும்படி ஸ்கிரிப்ட் இருந்தது. முதல் கட்டளை பிழை எதுவும் சொல்லாமல் திரும்பியது, இரண்டாவது தோற்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலை நிதானமாகப் படித்தபோதுதான் அதில் State என்ற இடத்தில் `modify-in-progress` என்று இருந்ததைக் கவனித்தேன். அதாவது வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது, முடிக்கவில்லை. பட்டியலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு குரூப்பிலும் புதுக் கொள்ளளவு அடங்குகிறதா என்று பின்னால் பார்க்கிறது. ஒரே ஒரு குரூப்பில் அடங்காவிட்டாலும் மாற்றம் முழுவதும் தோற்று, பழைய கொள்ளளவே திரும்ப வந்துவிடும். ஆகவே கட்டளை போட்டதும் நிலைமை என்ன என்று கேட்டுப் பார்த்தாக வேண்டும்:

```
aws ec2 describe-managed-prefix-lists \
  --prefix-list-ids pl-0abc1234def567890 \
  --query 'PrefixLists[0].[State,StateMessage,MaxEntries]'
```

`modify-complete` என்று வந்தால் மேலே போகலாம். எங்களுக்கு வந்தது `modify-failed`, கொள்ளளவு அதே 20. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதல் கட்டளைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இந்தச் சோதனையை வைத்து, முடிந்தது என்று தெரியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

சரி, எந்தக் குரூப் மறிக்கிறது? பட்டியல் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது:

```
aws ec2 get-managed-prefix-list-associations \
  --prefix-list-id pl-0abc1234def567890
```

குரூப்பின் எண்ணும் அது எந்த அக்கவுண்ட்டுக்குச் சொந்தம் என்பதும் வரும். பட்டியலின் உரிமையாளருக்கு மற்ற அக்கவுண்ட்களில் உள்ள குரூப் எண்களும் தெரியும், ஆனால் அவற்றைத் தொட முடியாது. எங்கள் அக்கவுண்ட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், எல்லாம் முப்பதுக்கும் தாங்கும். ஆக, பிரச்சினை அடுத்த வீட்டில். அந்தக் குழுவுக்கு ஃபோன் போட்டேன்.

“சார், உங்க குரூப்ல எங்க லிஸ்ட்டை எத்தனை ரூல்ல போட்டிருக்கீங்க?”

“மூணுதான் சார். அந்த குரூப்ல மொத்தமே மூணு ரூல்தான் இருக்கு.”

அவர் சொன்னது உண்மைதான். திரையில் மூன்றே வரி: 8080, 8081, 8082 என்று மூன்று போர்ட், மூன்றுக்கும் அதே பட்டியல். கணக்கில் மூன்று இருபது அறுபது, ஒன்று கூட மிச்சம் இல்லை. இருபதை இருபத்தொன்றாக்கியிருந்தால்கூட 63 ஆகி மொத்த மாற்றமும் தோற்றிருக்கும். இங்கே யாரையும் குறை சொல்வதற்கில்லை. மூன்று ரூல் இருக்கும் குரூப் நிரம்பி வழிகிறது என்று எந்தத் திரையும் அவருக்குக் காட்டவில்லை.

தீர்வு சுலபமாக இருந்தது. மூன்று போர்ட்டும் அடுத்தடுத்து இருந்ததால் 8080-8082 என்று ஒரே ரூலாக எழுதினால், அறுபது இருபதாகிவிடும். ஆனால் அதற்கும் நடுவழிக் கணக்கு உண்டு. அந்தக் குரூப் நிறைந்து நின்றதால் புது ரூலைச் சேர்க்க இடமில்லை. அவர்களையும் தனி குரூப் உருவாக்கி மாட்டச் சொல்லி, பழைய மூன்றையும் எடுக்கச் சொன்னேன். அதன் பிறகு கொள்ளளவு மறுபேச்சில்லாமல் முப்பதானது. போர்ட்கள் தள்ளித் தள்ளி இருந்திருந்தால் இந்த வழி பலித்திருக்காது. நடுவில் உள்ள போர்ட்களையும் சேர்த்துத் திறப்பது சரியில்லை, அப்போது பட்டியலைத்தான் பிரிக்க வேண்டும்.

இதிலிருந்து Max entries கட்டத்தில் எண் போடும் முறையையே நான் மாற்றிக்கொண்டேன். எத்தனை முகவரி வரக்கூடும் என்பதிலிருந்து தொடங்குவதில்லை. இந்தப் பட்டியலைப் பயன்படுத்தப்போகும் குரூப்களில் எது மிகவும் நெருக்கடியானது என்று முதலில் பார்க்கிறேன். அதில் மற்ற ரூல்கள் போக மிச்சம் எவ்வளவு, பட்டியல் எத்தனை போர்ட்டுக்கு வரும், மிச்சத்தை அதால் வகுத்தால் எவ்வளவு. தனி குரூப் இல்லாமல் பழைய டேட்டாபேஸ் குரூப்பிலேயே பட்டியலைச் சேர்ப்பதாக இருந்தால் 60-இல் 8 போக 52, இரண்டு போர்ட்டுக்கு வகுத்தால் 26. அதற்கு மேல் போட்டால் அங்கே என்றைக்கும் அடங்காது. இன்றுள்ள முகவரிகளோடு நாலைந்து மட்டும் கூட்டி வைத்தால் போதும். பின்னால் உயர்த்திக்கொள்ளலாம், முதலிலேயே தாராளமாக வைப்பதுதான் எல்லாக் குரூப்பையும் ஒரேயடியாக நெருக்குகிறது. இந்த வகுத்தல் கணக்கைப் பட்டியலின் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிடுங்கள், பகிர்ந்துகொள்ளும் குழுக்களுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய ஒரு குரூப் உங்கள் கையைக் கட்டிப்போட முடியும்.

இடம் போதவில்லை என்றால் முகவரிகளைச் சுருக்கவும் வழி உண்டு. எங்களிடம் 198.51.100.0/25, 198.51.100.128/25 மாதிரி ஒட்டி நிற்கும் இரண்டு ரேஞ்ச்கள் இருந்தன. இரண்டுமே முழுக்க நம்முடையது என்றால் ஒரே /24 ஆக எழுதலாம். பாதி வேறு யாருடையதோ என்றால் இடம் மிச்சமாகிறதே என்று அதைச் செய்துவிடாதீர்கள். ஐ.பி.வி6 முகவரிகளுக்குத் தனிப் பட்டியல்தான், ஒன்றில் இரண்டையும் கலக்க முடியாது. அதன் ரூல் வரம்பும் தனியாகவே எண்ணப்படும்.

பட்டியலைப் பிரிப்பது பற்றி என் கருத்து ஒன்று. ஆரம்பத்தில் எல்லா முகவரியையும் ஒரே பட்டியலில் போட்டது இடத்தை மட்டும் வீணாக்கவில்லை. கூட்டாளி நிறுவனத்துக்கு எஸ்.எஸ்.ஹெச். கதவு எதற்கு? கண்காணிப்புச் சேவைக்கு டேட்டாபேஸ் போர்ட் எதற்கு? பழைய முறையிலும் அப்படித்தான் இருந்தது, ஆனால் பட்டியலாக்கியபோதுதான் அது பளிச்சென்று தெரிந்தது. இப்போது ஆட்கள் வரும் முகவரிகள் ஒரு பட்டியல், கூட்டாளியின் சர்வர்கள் இன்னொன்று, கண்காணிப்பு மூன்றாவது. 22-க்கு முதல் பட்டியல் மட்டும்தான். கணக்கும் குறைந்தது, கதவுகளும் குறைந்தன.

பட்டியலைத் திருத்தும் உரிமை யார் கையில் என்பதையும் உடனே பார்க்க வேண்டியிருந்தது. `ec2:ModifyManagedPrefixList` அனுமதி உள்ளவர் ஒரு செக்யூரிட்டி குரூப்பையும் தொடாமல், பகிரப்பட்ட அக்கவுண்ட்கள் உட்பட எல்லாவற்றின் கதவையும் திறக்கலாம், மூடலாம். குரூப்களில் யார் கை வைக்கலாம் என்று கறாராக இருந்துவிட்டு இதை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தால் பயனில்லை. ரூல்கள் எப்போதும் பட்டியலின் கடைசி வெர்ஷனைத்தான் பின்பற்றும், பழைய வெர்ஷனில் நிறுத்தி வைக்க வழியில்லை. தப்பான திருத்தம் நடந்துவிட்டால் `restore-managed-prefix-list-version` மூலம் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பலாம், அதுவும் புது வெர்ஷனாகவே பதிவாகும். பகிர்வை ரத்து செய்தால் அந்த அக்கவுண்ட்டின் தொடர்பு அறுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் ரூல்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், பின்னால் நீங்கள் செய்யும் திருத்தங்களும் அங்கே போய்ச் சேரும்.

கடைசியாகப் பழைய இணைப்பின் முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிய அன்று ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. நீக்கிய பிறகும் அந்த முகவரியிலிருந்து திறந்திருந்த ஒரு எஸ்.எஸ்.ஹெச். செஷன் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி குரூப் ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும். ரூல் போனாலும் கண்காணிப்பில் உள்ள இணைப்பு உடனே அறுவதில்லை. புதிதாக வருபவரை மட்டும்தான் தடுக்கும். சும்மா கிடக்கும் டி.சி.பி. இணைப்பைக்கூடப் பல இன்ஸ்டன்ஸ் வகைகளில் இயல்பாக 5 நாள் வரை மறக்காது. எங்களுக்கு இது அவசரமில்லை, சர்வரில் அந்த செஷனை முடித்துவிட்டோம். ஆனால் ஒருவரை உடனே வெளியேற்றத்தான் முகவரியை நீக்குகிறீர்கள் என்றால், சப்நெட்டின் நெட்வொர்க் ஏ.சி.எல்.-இலும் அந்த ரேஞ்சுக்கு மறுப்பு ரூல் போடுங்கள். அது இணைப்புகளை நினைவில் வைப்பதில்லை, ஓடிக்கொண்டிருப்பதையும் நிறுத்தும். அங்கே பிரிஃபிக்ஸ் லிஸ்ட் செல்லாது, முகவரியைக் கையால்தான் எழுத வேண்டும்.